புள்ளியைத் தின்னும் வெள்ளை

கையெழுத்துப் பிரதிகளின் பகைவர்கள் என்று கரையானையும் இராமபாணப் பூச்சியையும் மழைநீரையும் சொல்லிப் பழகியவர்கள் நாம். இனி அந்தப் பட்டியலில் 'பளிச்சென்று இருக்கிறது' என்ற பாராட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழுப்பேறிய ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து, கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தித் தாளைப் பால்வெள்ளையாக்கி, நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, 'ஆவணப்படுத்திவிட்டோம்' என்று அறிவிக்கும் ஒரு கூட்டம் நம்மிடையே உருவாகியிருக்கிறது. இவர்களுடைய ஆர்வத்தை நாங்கள் ஐயப்படவில்லை. இவர்கள் செய்து வைத்திருக்கும் வேலையைத்தான் ஐயப்படுகிறோம்.

புதுச்சேரியின் கிராமப் பகுதிகளில், குறிப்பாக வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், வீட்டுப் பரணில் ஒரு நோட்டுப் புத்தகமாவது இல்லாத பழைய ஆசிரியர் குடும்பத்தைக் காண்பது அரிது. வில்லியனூரில் பிறந்து பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்த வாணிதாசன் ஓர் ஆசிரியர். பாரதிதாசன் பரம்பரை என்று சொல்லப்படுகிற கவிஞர்களில் பலரும் அப்படித்தான். அவர்களைப் பார்த்து எழுதத் தொடங்கி அச்சேறாமல் போனவர்கள் இன்னும் அதிகம். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இப்பகுதியைப் புரட்டிப்போட்டன. நனைந்ததில் மிஞ்சியதை யாரேனும் படமெடுத்து வைத்தால் போதும் என்று வீட்டார் நினைப்பது இயல்பு. படமெடுத்தாயிற்று என்றதும் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போவதும் இயல்பாகிவிட்டது. வெளுத்த படத்தில் எது போயிற்றோ அது நிரந்தரமாகவே போயிற்று என்பதுதான் இதன் பொருள்.

ஒரு நோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறோம். பாகூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து மறைந்த ஓவிய ஆசிரியர் ஒருவருடையது, கோடு போட்ட 80 பக்கங்கள், பெரும்பாலும் பென்சில். மூலநாதர் கோயிலின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைத் தாமே படித்துப் பார்த்து எழுதிய வரிகள் ஒரு பக்கம், தூண்களையும் சிற்பங்களையும் வரைந்த படங்கள் மறுபக்கம், இடையிடையே திருத்தித் திருத்தி எழுதிய சில மரபுக் கவிதைகள். அவருடைய நினைவாக ஒரு மலர் கொண்டுவர முயன்றவர்கள் இந்த நோட்டை வெளுத்து ஒரு கோப்பாகச் சுற்றுக்கு விட்டார்கள். அவர்கள் பெயர் இங்கே தேவையில்லை. நல்லவேளையாக மூல நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம்.

கோப்பில் ஒரு வரியில் 'எரி வாரியம்' என்றிருந்தது. பாகூர் போன்ற ஒரு பழைய சதுர்வேதிமங்கலத்தில் ஏரியைப் பேண ஏரி வாரியம் இருந்திருக்கும். எரிப்பதற்கு யார் வாரியம் அமைப்பார்கள்? நோட்டில் தெளிவாக 'ஏரி' என்றே இருக்கிறது. 'ஏ'யின் அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சிறு கீற்றை, எழுதியவர் கையைத் தூக்கும் போக்கில் மெலிதாக இழுத்திருக்கிறார். வெளுப்பு அதைத் தின்றுவிட்டது. அதே பக்கத்தில் 'கல்' என்பது 'கல' ஆகியிருக்கிறது. கல்வெட்டில் 'கல' என்றால் நெல்லின் அளவு என்று படிப்பவர் நினைக்கமாட்டாரா? இன்னொரு வரியில் கல் சிதைந்து எழுத்துகள் போன இடத்தில் ஆசிரியர் ஐந்து புள்ளிகள் வைத்திருக்கிறார். கல்வெட்டுப் படிகளில் அது வழக்கம். போன எழுத்துகள் சுமார் எத்தனை என்பதற்கு அந்தப் புள்ளிகளே சாட்சி. கோப்பில் அங்கே புள்ளியும் இல்லை, இடைவெளி இருப்பதும் சொல்லுக்கு இடையே விட்ட இடம்போல் தெரிகிறது. சிதைந்த வரி முழு வரியாகிவிட்டது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. ஆகவே அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கல்லில் இருந்ததன்று, படித்தவர் வைத்தது. இது 'கல', இது 'கல்' என்று அவர் எடுத்த முடிவுதான் அந்தப் புள்ளி. புள்ளிகளை நீக்கிய படி, அவர் வாசிப்பை நீக்கிய படி. கல்லைப் பார்க்க நமக்குக் கோயில் இருக்கிறது. பாகூர் சு. குப்புசாமி தொகுத்து, கோ. விசயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுகள் தொகுதி 2006இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் வழியாக வெளிவந்து அச்சிலும் கிடைக்கிறது. அந்த ஆசிரியர் எப்படிப் படித்தார், எங்கே தயங்கினார் என்பதற்கோ இந்த ஒரு நோட்டுதான் இருக்கிறது.

இது ஏன் நடக்கிறது? பொத்தான் செய்வது மிக எளிய காரியம். ஸ்கேன் செய்த படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. பொத்தானின் மிக எளிய வடிவம், பக்கம் முழுமைக்கும் ஒரே எல்லை எண்ணை வைத்து, அதற்கு மேற்பட்டதை வெள்ளையாகவும் கீழ்ப்பட்டதைக் கறுப்பாகவும் ஆக்கிவிடுகிறது. அச்சடித்த பக்கத்துக்கு இது பொருந்தும். அங்கே மை ஒரு பக்கம், தாள் மறுபக்கம் என்று எண்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். பென்சில் பக்கத்தில் அப்படிப் பிரிவதில்லை. நாங்கள் பார்த்த பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தையலை ஒட்டிய மடிப்பில், நிழலும் ஈரக்கறையும் சேர்ந்து, வெறும் தாளின் எண் 165. அங்கே உள்ள பென்சில் கோடு 130. வெளி ஓரத்தில் தாள் 225, அங்கே உள்ள கோடு 180. இப்போது எல்லையை 170 என்று வையுங்கள். மடிப்போரம் முழுவதும் கறுப்பாகிவிடும். 180இல் உள்ள வெளி ஓரக் கோடும் போய்விடும். 150 என்று வைத்தால் மடிப்பு பிழைக்கும், வெளி ஓரத்து எழுத்துகள் மறையும். 200 என்று வைத்தால் வெளி ஓரம் பிழைக்கும், மடிப்பு கரிக்கட்டையாகும். ஓரிடத்துத் தாள் இன்னோரிடத்துக் கோட்டைவிடக் கறுப்பாக இருக்கும்போது, இந்தப் பக்கத்தைக் காப்பாற்றும் ஒற்றை எண் எங்குமே இல்லை. எந்த எண்ணை வைக்கலாம் என்று தேடுவதே வீண்வேலை.

செய்ய வேண்டியது வேறு. கோடு எவ்வளவு கறுப்பு என்று கேட்கக் கூடாது. தன்னைச் சுற்றியுள்ள தாளைவிட அது எவ்வளவு கறுப்பு என்று கேட்க வேண்டும். அதாவது வகுத்தல். மடிப்போரக் கோடு 130ஐ அங்குள்ள தாள் 165ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.79. வெளி ஓரத்துக் கோடு 180ஐ 225ஆல் வகுத்தால் 0.80. ஒரே பென்சில், ஒரே கை. விடையும் ஏறத்தாழ ஒன்றே. தாளைத் தாளால் வகுத்தால் எங்கும் 1, அதாவது வெள்ளை. கறை, நிழல், பழுப்பு எல்லாம் ஒரே வகுத்தலில் விலகுகின்றன. கோடு தன் அடர்த்தியோடு நிற்கிறது.

இதற்கு ஒவ்வோர் இடத்திலும் தாள் மட்டும் எப்படியிருக்கும் என்ற படம் ஒன்று வேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். படத்தை இன்னோர் அடுக்காக நகலெடுத்து, மேல் அடுக்கில் Median Blur என்பதைச் செலுத்த வேண்டும். அது ஒவ்வொரு பிக்சலையும் சுற்றிலும் உள்ளவற்றின் இடைநிலை அளவால் மாற்றுகிறது. எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதுதான் இடைநிலை. கோடுகள் அந்த வட்டத்தின் பாதிப் பரப்பை எட்டாதவரை, நடுவில் நிற்பது தாளின் எண்ணாகவே இருக்கும். ஆகவே கோடுகள் கரைந்து, கறையும் பழுப்பும் மட்டும் மிஞ்சிய ஒரு வெற்றுத்தாள் கிடைக்கிறது. சராசரி எடுக்கும் Gaussian Blurஐ நேரடியாகச் செலுத்தினால் கோட்டின் கருமையும் தாளில் கலந்துவிடும். பிறகு வகுக்கும்போது கோடு அந்த அளவு வெளிறும். அடுத்து மேல் அடுக்கின் கலப்பு முறையை Divide என்று மாற்றினால் வேலை முடிந்தது. வட்டத்தின் ஆரம் முக்கியம். நாங்கள் அங்குலத்துக்கு 400 பிக்சல் என்ற கணக்கில் ஸ்கேன் செய்தோம். 0.3 மில்லிமீட்டர் தடித்த கோடு அதில் ஐந்து பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. ஆரத்தை 40 என்று வைத்தோம். 5 அல்லது 6 என்று வைத்தால் எழுத்தின் நெருக்கமான சுழிகளையே அது தாள் என்று எண்ணி வெளுத்துவிடும்.

வகுத்த பிறகும் தாளின் நார்கள் மெல்லிய சாம்பலாகத் தெரியும். இங்கேதான் கை நிதானிக்க வேண்டும். Levels கருவியில் வெள்ளை முனையை 240க்கும் கறுப்பு முனையை 150க்கும் நகர்த்தினோம். 240க்கு மேல் இருந்த நார் வெள்ளையாயிற்று. 200 சுற்றிலும் இருந்த சாதாரணக் கோடு 140ஐ ஒட்டி இறங்கி நன்றாகத் தெரிந்தது. 230இல் இருந்த மிக மெல்லிய கோடுகளும், அவற்றுள் அந்த 'ஏ'யின் கீற்றும், மங்கலாகவேனும் உயிரோடிருந்தன. ஆசைப்பட்டு வெள்ளை முனையை 225க்கு இழுத்திருந்தால் தாள் இன்னும் பளபளத்திருக்கும், ஏரியும் எரிந்திருக்கும். எந்த எண் சரி என்று எப்படி அறிவது? நோட்டிலேயே மிக மங்கலான ஒரு வரியை முதலில் தேர்ந்து, அதிலுள்ள புள்ளிகளைக் கண்ணால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். துப்புரவு முடிந்ததும் படத்தை இருமடங்கு பெரிதாக்கி அதே வரியில் மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் எண்ணை மாற்றுங்கள். இதற்கு மேலான சோதனை எதையும் நாங்கள் அறியோம்.

புள்ளிக்கு இன்னோர் எமன் இருக்கிறான். Despeckle என்று பல மென்பொருள்களில் அவன் பெயர். தூசித் துணுக்குகளை நீக்குவதற்காக, குறிப்பிட்ட பரப்புக்குச் சிறிதாகத் தனித்து நிற்கும் எதையும் அழித்துவிடுவான். ரோமன் எழுத்துகளைப் பார்த்துப் பழகியவர்கள் செய்த கருவி இது. அங்கே தனித்து நிற்பவை i, j எழுத்துகளின் தலைப்புள்ளியும் நிறுத்தக்குறிகளும்தாம். போனாலும் சொல் பெரும்பாலும் புரியும். தமிழில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் தனித்து நிற்கும் ஒரு புள்ளி உண்டு, அது போனால் எழுத்தே வேறு. பென்சில் முனை வைக்கும் புள்ளி 0.4 மில்லிமீட்டர் என்றால், அங்குலத்துக்கு 300 பிக்சலில் அதன் பரப்பு 17 பிக்சல் அளவு, 150இல் நான்கைந்துதான். தூசியும் அவ்வளவே. பரப்பை மட்டும் பார்க்கும் எந்தக் கருவியாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. தமிழ்க் கையெழுத்துக்கு இந்தக் கருவியைத் தொடவே கூடாது என்பது எங்கள் முடிவு. தூசி இருந்துவிட்டுப் போகட்டும். மிகவும் உறுத்தினால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் நீக்குங்கள். ஓலையில் எழுத்தாணி புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டெழுதிய காலத்தைத் தாண்டி வந்திருக்கிறோம். கணினி வந்து நம்மை அங்கேயே கொண்டுபோய் விட வேண்டுமா?

மேலே சொன்ன வகுத்தல் எழுத்துக்குத்தான். ஓவியத்துக்கு அப்படியே செய்தால் அதுவும் கொலைதான். வெளுப்பதை எதிர்ப்பவர்கள்கூட இதில் இடறுவதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். நோட்டில் ஒரு தூணின் படம் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்த நிழல். அந்த நிழல் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம், அதாவது 300 பிக்சலுக்கு மேல். ஆரம் 40 உள்ள வட்டம் நிழலின் நடுவில் நின்று பார்க்கும்போது, அதற்குத் தெரிவதெல்லாம் சாம்பல். 'இங்கே தாளே இப்படித்தான்' என்று முடிவுகட்டி, நிழலை நிழலால் வகுத்து வெள்ளையாக்கிவிடுகிறது. தூணில் விளிம்புக்கோடு மட்டும் மிஞ்சுகிறது, உருண்டை தட்டையாகிறது. அந்த மலர்க்குழுவின் கோப்பில் ஓவியங்கள் எல்லாம் வண்ணம் தீட்டும் குழந்தைப் புத்தகம்போல் வெற்றுக்கோடுகளாக இருந்ததைக் கண்டு, ஆசிரியருக்கு நிழல் போடத் தெரியாது என்று ஒருவர் எழுதியும்விட்டார். ஓவிய ஆசிரியரைப் பற்றி!

படத்திலிருந்தே தாளை ஊகிக்க முடியாதபோது தாளை வேறிடத்தில் தேட வேண்டும். அதே நோட்டில் எழுதாமல் விட்ட கடைசித் தாள் ஒன்று இருந்தது. அதே ஸ்கேனரில், அதே அமைப்பில், அதே இடத்தில் வைத்து அதை ஸ்கேன் செய்து, நன்றாக மங்கலாக்கி, ஓவியப் பக்கத்தை அதனால் வகுத்தோம். பழுப்பும் மடிப்பின் நிழலும் விலகின, தூணின் நிழல் அப்படியே நின்றது. அந்த ஓவியப் பக்கத்திற்கு மட்டுமே உரிய கறை நின்றுவிடும் என்பது உண்மைதான். நிற்கட்டும். வெற்றுத்தாள் இல்லாத நோட்டானால், ஓவியத்தைச் சுற்றியுள்ள ஓரங்களின் எண்ணை வைத்து ஒரே சீராக வெளிச்சம் ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஈரக்கறையின் விளிம்பு இன்னொரு தொல்லை. வெள்ளத்தில் நனைந்து காய்ந்த தாளில் நீர் நின்ற எல்லை ஒரு பழுப்புக் கோடாகப் படிந்திருக்கும். அது கோடாகவே இருப்பதால் வகுத்தலுக்குப் பிறகும் பென்சில் கோடுபோல் எஞ்சும். சாம்பல் படத்தில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. வண்ணத்தில் ஸ்கேன் செய்திருந்தால் உண்டு. பழுப்பு, சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும்; பென்சில் எல்லா நிறத்தையும் ஒரேபோல் விழுங்கும். ஆகவே சிவப்புத் தடத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் கறை வெகுவாக வெளிறும், பென்சில் வெளிறாது. ஆனால் அந்தத் தடத்தில் சிவப்பு மைத் திருத்தங்களும் சேர்ந்து மறையும். எங்கள் நோட்டில் கவிதைப் பக்கங்களில் சிவப்புத் திருத்தங்கள் இருந்தன. அந்தப் பக்கங்களுக்குப் பச்சைத் தடத்தைக் கொண்டோம், கறையைப் பொறுத்துக்கொண்டோம். எப்படியாயினும் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால்தான் இந்தத் தேர்வே கிடைக்கும். ஸ்கேனரின் தானியங்கி 'மேம்படுத்தல்' அனைத்தையும் அணைத்துவிட வேண்டும். மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைக்க வேண்டும். கைபேசியின் பிளாஷ் கூடவே கூடாது. அடர்த்தியான பென்சில் பரப்பு உலோகம்போல் மின்னி, கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக விழும்.

இவ்வளவு சொன்னால் எதிர்த்தரப்பு மூன்று மறுமொழிகளை வைத்திருக்கிறது. முதலாவது, கோப்பின் அளவு. கறுப்பு வெள்ளைக் கோப்பு சிறியது என்பது உண்மையே. ஆனால் மேற்சொன்னபடி தாளை வெண்மையாக்கிய சாம்பல் படத்திலும் பெரும்பரப்பு ஒரே 255 ஆகிவிடுவதால் பிஎன்ஜி வடிவத்தில் அது நன்றாகச் சுருங்குகிறது. இடத்தைத் தின்பது தாளின் நார், கோடுகள் அல்ல. இரண்டாவது, அச்சகத்தார் கறுப்பு வெள்ளைதான் கேட்கிறார்கள் என்பது. கேட்டால் கொடுங்கள், ஆனால் முதலில் வகுத்துவிட்டு, அங்குலத்துக்கு 600 பிக்சலுக்குக் குறையாமல், இறுதிப் படியாக மட்டும் கொடுங்கள். ஓவியங்களுக்கு அதுவும் வேண்டாம், சாம்பல் படமாகவே அச்சிடச் சொல்லுங்கள். மூன்றாவது, 'வாசகனுக்கு இதெல்லாம் எதற்கு, படிக்க முடிந்தால் போதாதா' என்பது. இதைச் சொல்பவர்கள் இலக்கிய வாசகர்கள் என்பதுதான் வியப்பு. ஒரு கவிதைப் பக்கத்தில் ரப்பரால் அழித்த ஒரு சொல்லின் தடம் மேல் எழுதிய சொல்லுக்கு அடியில் தெரிகிறது. வகுத்த படத்தில் அதன் எண் 235. 240 என்ற வெள்ளை முனைக்குள் நூலிழையில் தப்பியது. கவிஞர் முதலில் என்ன நினைத்தார் என்பதற்கு அதுவே ஒரே தடயம். பாடபேதம் பற்றி மேடைதோறும் பேசுகிறவர்கள் அதைக் கறை என்று துடைக்கச் சொல்கிறார்கள்.

80 பக்கங்களுக்கும் சேர்த்து இந்த முறைக்கு எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதில் பெரும்பொழுது முதல் நான்கு பக்கங்களில் எண்களைக் கண்டுபிடிப்பதில் கழிந்தது. பிறகு வேகம் வந்துவிட்டது. தொடாத வண்ண ஸ்கேன்களை டிஃப் வடிவில் தனி உறையிலும், துப்புரவு செய்தவற்றை வேறோர் உறையிலும் வைத்து, எந்தப் பக்கத்துக்கு எந்த ஆரம், எந்த முனைகள், எந்தத் தடம் என்று ஓர் உரைக்கோப்பில் எழுதிக் குடும்பத்தாரிடம் கொடுத்திருக்கிறோம். நாளை இன்னொருவர் எங்கள் எண்கள் தவறென்று கண்டால் மூலப்படத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். மலர்க்குழுவினரிடமும் அதன் ஒரு படி இருக்கிறது. மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி. 37ஆம் பக்கத்து நான்காம் வரியில் நோட்டில் பதினொரு புள்ளிகள் உள்ளன, அவர்களுடைய கோப்பில் மூன்று. அச்சுக்கு அனுப்புமுன் அந்த ஒரு வரியை மட்டுமாவது எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.